தூரத்துக்கும் விலை உண்டு

ஏசிக்கு வருட ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, கேட்டால் பெரும்பாலான கடைகளில் “ஒரு மெஷினுக்கு இவ்வளவு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. மெஷின் எத்தனை என்பதைவிட, அந்த இடத்துக்கு எத்தனை தடவை போகவேண்டும் என்பதே விலையைத் தீர்மானிக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். கடை அடையாறில், வாடிக்கையாளர் தாம்பரத்தில் ஒரு கிளினிக். ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி நான்கு. வருடத்துக்கு மூன்று வாட்டர் சர்வீஸ். இடையில் ‘கூலிங் இல்லை’, ‘தண்ணீர் ஒழுகுகிறது’ என்று இரண்டு அழைப்பாவது வரும். ஆக, ஐந்து பயணம். போய்வர ஒன்றரை மணி நேரம். சர்வீஸ் நாளில் வேலை மூன்றரை மணி நேரம், அழைப்புக்கு ஒரு மணி நேரம். மொத்தம் 20 மணி. மெக்கானிக், ஹெல்பர் இருவருக்கும் சேர்த்து மணிக்கு 250 ரூபாய் செலவென்றால் 5,000, பெட்ரோல் 500. ஒரு மெஷினுக்கு 1,375 ரூபாய் அடக்கம்.

அதே தாம்பரத்தில் ஒரே ஒரு ஏசி உள்ள வீடு என்றால்? மூன்று சர்வீஸ், ஓர் அழைப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அடக்கம் 2,900 ரூபாய்! கிளினிக்குக்குச் சொன்ன விலையையே இந்த வீட்டுக்கும் சொன்னவர், கைக்காசைப் போட்டுத்தான் சர்வீஸ் செய்வார். அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே நாளில் முடிப்பதுதான் இதற்கு வழி.

பாகங்களும் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் கணக்கு மாறும். நான்கும் ஏழெட்டு வருட மெஷின்கள் என்று கொள்வோம். வருடத்துக்கு ஒரு கெபாசிட்டர், 400 ரூபாய். கேஸ் கசிவு இரண்டு வருடத்துக்கு ஒன்று, 3,200. போர்டும் அப்படியே, 5,000. பின்னிரண்டிலும் பாதியை மட்டும் எடுத்தால், வருடத்துக்கு 4,500. எல்லாம் சேர்த்து அடக்கம் 10,000. கால் பங்கு கூட்டினால் விலை 12,500. கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வரி தனி.

ஆனால் சராசரி என்பது பல ஒப்பந்தங்கள் கையில் இருப்பவருக்கே கைகொடுக்கும். கேஸும் போர்டும் ஒரே வருடத்தில் போனால் பாகச் செலவு 8,600 ஆகிவிடும். கூட்டிவைத்த 2,500 போதாது. கம்ப்ரஸரை எழுத்திலேயே விலக்கி வைப்பது அதனால்தான்.

கையெழுத்துக்கு முன் அவுட்டோர் யூனிட்டைத் திறந்து பாருங்கள். செம்புக் குழாயின் ஃபிளேர் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் கேஸ் கசிகிறது என்று சந்தேகப்படலாம். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். 50 மைக்ரோஃபாரட் என்று எழுதிய கெபாசிட்டர் மீட்டரில் 42 காட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. இந்த இரண்டையும் தனி பில் போட்டுச் சரிசெய்த பிறகே ஒப்பந்தத் தேதி தொடங்கவேண்டும்.