பெயருக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று

கல்யாணப் பத்திரிகையில் இரண்டு எழுத்துருக்கள் ஒட்டவில்லை என்றால், அவை ரொம்ப வேறுபட்டிருப்பதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் விஷயம் நேர்மாறாக இருக்கும். பாதி ஒத்துப்போய், பாதி விலகி நிற்கிற ஜோடிதான் கண்ணை உறுத்தும். தெளிவாக வேறுபட்ட இரண்டைப் பார்த்தால் ‘இது மணமக்கள் பெயர், இது விவரம்’ என்று உடனே புரிந்துவிடும். கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தால், ஏதோ சில வரிகளுக்கு மட்டும் எழுத்துரு தவறி மாறிவிட்டது என்றே தோன்றும்.

ஒரு பத்திரிகையைச் செய்து பார்ப்போம். மணமக்கள் கண்ணன், மீனா என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பெயர் நடுவில் 28 பாயிண்ட். பெற்றோர் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் 11 பாயிண்ட். பெயர்களுக்கு Kavivanar. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த இது, கையால் எழுதியதுபோல் சாய்ந்து ஓடும். விவரங்களுக்கு முதலில் Arima போட்டுப் பார்க்கலாம். தனியாகப் பார்த்தால் அழகான எழுத்துரு. வளைவுகள் மென்மையானவை, முனைகள் உருண்டவை. ஆனால் இரண்டும் சேர்ந்ததும் சிக்கல் வந்துவிடுகிறது. இரண்டுமே நெளிவுசுளிவை நம்பி நிற்பவை. ஒன்று சாய்ந்து நெளிகிறது, மற்றது நிமிர்ந்து நெளிகிறது.

இது வெறும் ரசனைதானா என்று கேட்டால், ஓர் எழுத்தை வைத்தே சோதித்துவிடலாம். ‘கண்ணன்’ என்பதிலும் ‘திருமணம்’ என்பதிலும் மூன்று சுழி ‘ண’ இருக்கிறது. விவர வரியில் உள்ள ‘ண’வைத் திரையில் பெரிதாக்கி, பெயரில் உள்ள ‘ண’வின் அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். சுழி எவ்வளவு திறந்திருக்கிறது, கோடு எவ்வளவு தடிமன், நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றிரண்டிலாவது பட்டென்று தெரியும் வித்தியாசம் வேண்டும். எல்லாவற்றிலும் ‘கொஞ்சம்தான் மாறுது’ என்று தோன்றினால் அந்த ஜோடியை விட்டுவிடலாம்.

இனி விவரங்களை Catamaran-க்கு மாற்றுவோம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது இது. நிமிர்ந்த எழுத்து, ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும் கோடு, அலங்காரம் கிடையாது. இப்போது பெயர் மட்டும் பேசுகிறது, விவரம் ஒதுங்கி வழிவிடுகிறது. இதில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது தடிமன்கள் உண்டு என்பது கூடுதல் வசதி. எழுத்தைப் பெரிதாக்கினால் அதன் கோடும் சேர்ந்து தடிக்கும். அதனால் 28 பாயிண்ட் பெயருக்குக் கீழே Light வைத்தால் விவரம் வெளிறிப்போகும். Regular அல்லது Medium சரியாக இருக்கும். பெற்றோர் பெயரை மட்டும் SemiBold ஆக்கலாம். அதற்கென்று மூன்றாவது எழுத்துரு தேவையில்லை.

வெளிமாநில விருந்தினருக்காக ஆங்கிலத்திலும் மண்டப முகவரி போடுவார்கள். அதே 11 பாயிண்டில் வேறோர் ஆங்கில எழுத்துருவைச் சேர்த்தால், அது தமிழை விடச் சிறியதாகத் தெரிய வாய்ப்பு அதிகம். பல எழுத்துருக்களில் நம் ‘க’, ‘ம’ ஆகியவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளை விட உயரமானவை. Catamaran-இல் தமிழோடு சேர்த்து வரையப்பட்ட ஆங்கில எழுத்துகளும் இருப்பதால், அதையே பயன்படுத்துவதுதான் என் தேர்வு. Great Vibes போன்ற ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருவைத் தமிழ்ப் பெயருக்குத் தேர்ந்தெடுத்தால் வேறொரு வம்பு வரும். அதில் தமிழ் எழுத்துகளே இல்லை. மென்பொருள் தானாகவே ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை அங்கே நுழைத்துவிடும். நாம் தேர்ந்தெடுக்காத ஒன்று கல்யாணப் பத்திரிகையின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்திருந்தால், மெனுவில் பெயரை மாற்றியதும் எழுத்தெல்லாம் குழம்பிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முடிவைத் திரையில் எடுக்காதீர்கள். உண்மையான அளவில், வெள்ளைத் தாளில், கறுப்பில் ஒரு பிரதி எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நடுவில் பெயர் ஒரே கரும்பட்டையாகவும், மற்றதெல்லாம் சீரான சாம்பலாகவும் தெரிந்தால் ஜோடி சேர்ந்துவிட்டது. சாம்பலில் அங்கங்கே திட்டு திட்டாகக் கறுப்புத் தெரிந்தால் எங்கோ தடிமன் மிஞ்சியிருக்கிறது.

தங்க ஃபாயில் போடுவதாக இருந்தால் இதுவும் போதாது. சொரசொரப்பான அட்டையில் மெல்லிய கோடு விட்டுவிட்டுப் பதியும். ‘ண’வின் சுழியும் ‘ஸ்ரீ’யின் உள்வளைவும் அடைத்துக்கொள்ளும். அதனால் ஃபாயிலைப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டு, விவரங்களைச் சாதாரண மையில் அச்சிடச் சொல்வது நல்லது. மொத்தமாக ஓட்டுவதற்கு முன், வாங்கப்போகிற அதே அட்டையில் ஒரு மாதிரி கேளுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூன்று சுழிகளும் திறந்திருக்கின்றனவா என்பதைத்தான்.