ஏஸ் வந்தால் 17 வேறு

லாஸ் வேகாஸ் பிளாக்ஜாக் மேசையில் ஒருவருக்கு ஏஸும் 6-ம் வருகின்றன. கூட்டினால் 17. ‘போதும்’ என்று உள்ளங்கையைக் கிடைமட்டமாக அசைத்து நின்றுகொள்கிறார். புதிதாக ஆட வருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

பிளாக்ஜாக்கில் 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் 10. ஏஸுக்கு மட்டும் 1 அல்லது 11, எது வசதியோ அது. 11 என்று எண்ணியும் 21-க்குள் இருக்கும் கையை ‘சாஃப்ட்’ என்பார்கள். 10-ம் 7-ம் சேர்ந்த 17 ‘ஹார்ட்’. அதற்கு மேல் சீட்டு கேட்டால், 13 வகைச் சீட்டுகளில் 5 முதல் ராஜா வரை 9 வகை ஆட்டக்காரரைக் கவிழ்த்துவிடும்.

ஏஸ்-6 கையை ஒரே சீட்டால் கவிழ்க்கவே முடியாது. ஏஸ், 2, 3, 4 வந்தால் 18 முதல் 21 வரை ஏறும். பத்து மதிப்புள்ள நான்கு வகைகளில் எது வந்தாலும் 11 என்பது 1 ஆகி, அதே 17 நிற்கும். 5 முதல் 9 வரை வந்தால்தான் 12 முதல் 16-க்குள் இறங்கும்.

இறங்குவது நஷ்டம்தானே? பெரிதாக இல்லை. டீலர் 17-க்குக் கீழே நிற்கக் கூடாது என்பது விதி. ஆகவே கையில் 17 இருந்தாலும் 13 இருந்தாலும் டீலர் கவிழ்ந்தால்தான் ஜெயிக்க முடியும். டீலரும் 17-இல் நின்றால் பந்தயப் பணம் திரும்பக் கிடைக்கும். 17-க்கு உள்ள கூடுதல் பலன் அவ்வளவுதான்.

அதனால்தான் துணியலாம். டீலரின் திறந்த சீட்டு 6 என்றால், 100-க்குச் சுமார் 42 முறை அவர் கவிழ்வார். அப்போது ஏஸ்-6 வைத்திருப்பவர் பந்தயத்தை இரட்டிப்பாக்கி, ஒரே ஒரு சீட்டு வாங்குவதே சரி. டீலரிடம் 3, 4, 5 தெரிந்தாலும் அப்படியே. மற்றபடி சீட்டு கேட்டால் போதும். நிற்பது எப்போதுமே தவறு.

ஏஸ்-7 இன்னும் ஏமாற்றும். 18 நல்ல கைபோலத் தெரிந்தாலும், டீலரிடம் 9 இருந்தால் அது போதாது. 100 டாலர் பந்தயத்தில் நின்றால் சராசரி இழப்பு சுமார் 18 டாலர், சீட்டு கேட்டால் சுமார் 10. ஜெயிக்கும் கை அல்லதான், ஆனாலும் எட்டு டாலர் மிச்சம். 9-க்கும் 10-க்கும் எதிரே சாஃப்ட் 18-இல் நிற்கக் கூடாது என்பதை பால்ட்வின், கேன்டி, மைசெல், மெக்டெர்மட் ஆகிய நால்வர் 1956-லேயே கணக்கிட்டுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்க ராணுவத்தின் அபர்தீன் தளத்தில் இருந்த அவர்கள் பயன்படுத்தியது மேசைக் கணக்குப்பொறிகளை.

சூதாட்ட விடுதிகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். பல மேசைகளில், சாஃப்ட் 17 வந்தால் டீலர் இன்னொரு சீட்டு எடுத்தாக வேண்டும் என்று விரிப்பிலேயே அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரியால் 100 டாலர் பந்தயத்துக்குச் சுமார் 20 சென்ட் கூடுதலாக விடுதியின் பக்கம் போகிறது.