டி.சி. சொல்லாததைச் சொல்லும் கடிதம்

இரண்டாம் வகுப்பு படிக்கும் ஏழு வயதுப் பெண்குழந்தை ஒருத்தி. அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்ததால் வருட நடுவில் பள்ளி மாறுகிறாள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தலைமையாசிரியர் டி.சி.யை உடனே கொடுத்துவிட வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. ஆனால் டி.சி.யில் இருப்பது பெயர், பிறந்த தேதி, வகுப்பு. குழந்தை எதில் தடுமாறுகிறாள் என்பதை வகுப்பாசிரியர்தான் தனியாக ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அவள் 'மொட்டு' நிலை என்று எழுதினால் மட்டும் போதாது. அதே நிலையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் சிக்கல் ஒன்றாக இருக்காது. 'கணக்கில் சுமார்' என்பதும் அப்படித்தான். அதைப் படித்துவிட்டு புது டீச்சர் நாளைக் காலை என்ன செய்வார்?

இப்படி எழுதலாம்: "43-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று எழுதுகிறாள். ஒன்றாம் இடத்தில் மூன்றிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து மூன்றைக் கழித்துவிடுகிறாள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்தால் தானாகவே ஒரு கட்டைப் பிரித்து 26 என்று சரியாகச் சொல்கிறாள்." கழித்தல் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், கடன் வாங்கி எழுதுவதுதான் வரவில்லை என்பது இதிலிருந்தே புரிந்துவிடும். குச்சிக்கட்டிலிருந்து தொடங்கி நோட்டுக்கு வந்தால் போதும்.

வாசிப்பையும் அதேபோல எழுத வேண்டும். 'பட்டம்', 'மரம்' தடையில்லாமல் வருகின்றன. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தில் காலை விட்டுவிட்டு, 'கொடி'யைக் 'கெடி' என்கிறாள். செய்து பார்த்துப் பலிக்காததையும் சேர்க்கலாம்: பத்து முறை எழுதச் சொன்னதில் பயனில்லை, எழுத்தட்டையில் காலைத் தனியாக ஒட்டி எடுத்துக் காட்டியதில் பயன் இருந்தது. பலர் இந்த வரியை எழுதுவதே இல்லை. எழுதாவிட்டால் அடுத்தவர் அதே பத்து முறையிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

தேவைகளைச் சொல்லும்போதுதான் கை தவறும். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. வலக்காது ஆசிரியரைப் பார்த்திருக்கும்படி முன்வரிசையில் உட்காரவைத்தால் சொன்னதைச் செய்கிறாள். கண்டதை இப்படி எழுதினால் போதும். 'காது மந்தம்' என்று முடிவு கட்டுவது மருத்துவர் வேலை. பரிசோதனைச் சீட்டு இருந்தால், பெற்றோர் சம்மதித்த பிறகே இணைக்க வேண்டும். வீட்டுச் சண்டை, கடன் போன்றவற்றுக்கு இந்தத் தாளில் இடமில்லை.

கடிதத்தில் தேதி கட்டாயம். ஏழு வயதில் இரண்டு மாதத்துக்குள் நிறைய மாறிவிடும். 'கொடி' இந்நேரம் சரியாகியிருக்கலாம். அதனால் புது ஆசிரியர் முதல் வாரமே அதே கணக்கையும் அதே சொல்லையும் கொடுத்துப் பார்ப்பது நல்லது. தாளைக் கொண்டுபோகப் போவது அம்மாதான் என்பதால், உறையில் போடுமுன் அவரிடம் வாசித்துக் காட்டிவிட வேண்டும். வீட்டில் அவள் குச்சியில்லாமலே சில்லறை எண்ணுகிறாள் என்பதுபோல் ஏதாவது அவர் சொன்னால், அதையும் எழுதிச் சேர்க்கலாம்.