உப்பைக் குறைக்கணுமா? அயோடின் உப்பு, லோ சோடியம், இந்துப்பு... பாக்கெட்டில் எதைப் பார்க்கணும்?

'உப்பைக் குறைங்க' என்று டாக்டர் சொன்னதும், பல வீடுகளில் முதலில் மாறுவது உப்பு பாக்கெட்தான். வழக்கமான அயோடின் உப்பு போய், 'லோ சோடியம்' உப்போ இந்துப்போ சமையலறைக்கு வந்துவிடுகிறது. சாம்பாரில் போடும் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. பாக்கெட்டை மாற்றினால் உண்மையில் எவ்வளவு சோடியம் குறையும்? மாற்றுவதில் ஆபத்து ஏதும் இருக்கிறதா? பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

எந்த எண்ணைப் பார்க்கணும்?

ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில் முக்கியப் பங்கு சோடியத்துக்கு. அதனால் ஊட்டச்சத்து அட்டவணையில் '100 கிராமுக்கு சோடியம்' என்று இருக்கும் எண்தான் முக்கியம். ஒரு பாக்கெட்டில் அது மில்லிகிராமிலும் இன்னொன்றில் கிராமிலும் இருக்கலாம். 38,000 மில்லிகிராமும் 38 கிராமும் ஒன்றுதான்.

உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவான சோடியம். உப்பாகப் பார்த்தால் அது சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. சாம்பார், பொரியல், ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் பரோட்டா எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு.

அயோடின் உப்பு: சோடியம் குறையாது, ஆனால்...

சாதாரண அயோடின் உப்பு 100 கிராமில் சோடியம் 38 முதல் 39 கிராம் வரை இருக்கும். அயோடின் சேர்ப்பதால் சோடியம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அயோடின் சேர்ப்பது தைராய்டு சுரப்பிக்காக.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கடைக்கு வரும் அயோடின் உப்பில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும். ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் என்று அர்த்தம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு அதைவிட அதிகம். பால், முட்டை, மீனிலும் அயோடின் உண்டு என்றாலும், உப்பிலிருந்து வருவதை முழுசாக நிறுத்துவது நல்லதல்ல.

இந்துப்பு: நிறம்தான் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்ம ஊர் கல்லுப்பு, உப்பளத்தில் கடல்நீரைக் காயவைத்து எடுப்பது. 'ராக் சால்ட்' என்று பாக்கெட்டில் வரும் இந்துப்பு, நிலத்தடிப் பாறையிலிருந்து வெட்டி எடுப்பது. இரண்டுமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

இந்துப்பு பாக்கெட்டில் 100 கிராமுக்கு சோடியம் சுமார் 38 கிராம் என்றே பெரும்பாலும் இருக்கும். அயோடின் உப்புடன் ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள இரும்பு போன்ற தாதுக்கள். அவையும் மிகக் குறைந்த அளவில்தான் இருக்கின்றன. ஐந்து கிராம் உப்பில் கிடைக்கும் தாதுக்கள் உடம்பின் தேவைக்குக் கணக்கிலேயே வராது.

கொரகொரப்பான உப்பு, ஒரு ஸ்பூனில் தூள் உப்பை விடக் குறைவான எடைதான் பிடிக்கும். அதை வைத்து 'உப்பு குறைஞ்சிடுச்சு' என்று நினைக்கலாம். ஆனால் ருசி பார்த்து இன்னொரு சிட்டிகை போட்டதும் கணக்கு சமமாகிவிடும். பாக்கெட்டில் 'அயோடின் சேர்க்கப்பட்டது' என்று இல்லாவிட்டால், அந்த இந்துப்பில் நம்பக்கூடிய அளவு அயோடினும் கிடையாது. சோடியம் குறையவில்லை, அயோடின் போய்விட்டது என்பதுதான் இந்த மாற்றத்தின் முடிவு.

லோ சோடியம்: உண்மையிலேயே குறையுது, ஆனா எல்லாருக்கும் இல்ல

மூன்றில் சோடியம் உண்மையாகவே குறைவது இதில்தான். சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். எவ்வளவு என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். '15% குறைவு' என்றால் 100 கிராமில் இன்னும் சுமார் 33 கிராம் சோடியம் இருக்கிறது.

இதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்கள் மற்றும் உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் என சுமார் 21,000 பேரிடம் ஆய்வு நடந்தது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14% குறைவாக இருந்தது. இதன் முடிவு 2021-ல் வெளியானது.

சிக்கலும் அதே பொட்டாசியத்தில்தான். கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். பெரும்பாலும் முன்கூட்டி அறிகுறி தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

பி.பி.க்குத் தரும் டெல்மிசார்டன், லோசார்டன், ராமிபிரில், எனலாபிரில் போன்ற மாத்திரைகளும், ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கக்கூடியவை. அதாவது, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட அதே நபர் இந்த மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிடுபவராக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்திருப்பதும் பலருக்குத் தெரியாமலே இருக்கும். எனவே மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, கிரியேட்டினின், பொட்டாசியம் அளவுகளைப் பார்த்த பிறகே இந்த உப்புக்கு மாற வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வகை உப்பைப் பெரியவர்களுக்குத்தான் பரிந்துரைக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. ஒரே சட்டியில் வீட்டில் எல்லோருக்கும் சமைக்கும்போது இதை மறக்கக்கூடாது.

ஒரு கிலோ பாக்கெட் கணக்கு

நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 கிராமை 30 நாளுக்கும் நாலு பேருக்கும் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8.3 கிராம். வெளியே சாப்பிடுவது இதில் சேரவில்லை.

அதே அளவு இந்துப்புக்கு மாறினால் கிட்டத்தட்ட அதே 8.3 கிராம்தான். 15% சோடியம் குறைந்த உப்புக்கு மாறினால், 7.1 கிராம் சாதாரண உப்பு சாப்பிட்டதற்குச் சமம். இன்னும் வரம்பைத் தாண்டித்தான் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு லேசாகக் கசக்கும், உப்புச் சுவையும் கொஞ்சம் மட்டு. 'லோ சோடியம்தானே' என்று 10 ஸ்பூன் போட்ட இடத்தில் 12 ஸ்பூன் போட்டால், குறைந்ததெல்லாம் திரும்ப வந்துவிடும்.

ஆளுக்கு 5 கிராம் என்றால் இந்த வீட்டுக்கு மாதம் 600 கிராம் போதும். வெளியே சாப்பிடுபவர்களுக்கு அதைவிடவும் குறையணும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தால், எத்தனை நாளில் தீர்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ 30 நாளில் தீர்ந்த வீட்டில், அது 50 நாள் வர வேண்டும்.

அப்போ எதை வாங்குவது?

சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும், மேலே சொன்ன மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும், குழந்தைகளோ கர்ப்பிணியோ உள்ள வீட்டாரும் சாதாரண அயோடின் உப்பையே வாங்கி, அளவைக் குறைக்கலாம். டாக்டர் சரி என்று சொன்னவர்கள் லோ சோடியம் உப்பு வாங்கலாம். ஆனால் அதிலும் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பார்க்கணும், ஸ்பூன் கணக்கைக் கூட்டக்கூடாது. இந்துப்பை ருசிக்காக வாங்கலாம். சோடியத்தைக் குறைக்க அது உதவாது.