36-ஐத் தாண்டாத எண்

டி.எம்.எல்.டி. படிக்கும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால், முதல் சில பக்கங்களிலேயே ஓர் அட்டவணை இருக்கும். வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் தாளைப் பார்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியது. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 13 முதல் 17 கிராம், சிவப்பணு 45 முதல் 55 லட்சம், பி.சி.வி. 40 முதல் 50 சதவீதம் என்று வரிசையாகப் போகும். கடைசியில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வரி: எம்.சி.எச்.சி., 32 முதல் 36.

இந்த அட்டவணையில் மற்ற வரிகளுக்கும் கடைசி வரிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆரோக்கியமான பலருடைய ரத்தத்தைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை எடுத்துக்கொண்டு அதற்குத்தான் 'நார்மல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, நோயே இல்லாத இருபது பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். அதனால்தான் புத்தகத்துக்குப் புத்தகம், லேபுக்கு லேப் எண்கள் கொஞ்சம் மாறுகின்றன. எம்.சி.எச்.சி.யின் மேல் எல்லை மட்டும் அப்படி இல்லை. அதை இயற்கையே போட்டுவைத்திருக்கிறது.

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் எம்.சி.எச்.சி. ஹீமோகுளோபினை பி.சி.வி.யால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைத்துவிடும். பாகில் ஓரளவுக்கு மேல் சர்க்கரை கரையாது அல்லவா, அதுபோல ஓர் அணுவுக்குள் ஓரளவுக்கு மேல் ஹீமோகுளோபினை அடைக்க முடியாது. இரும்புச்சத்துக் குறைந்தால் இந்த எண் 30-க்குக் கீழே இறங்கும். அணுக்கள் உருண்டையாகிவிடும் ஒரு பரம்பரை நோயில் 36-ஐச் சற்றே தாண்டும். 40, 50 என்று வந்தால், நோயாளியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சாம்பிளையும் மெஷினையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு சாம்பிளையே எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதுக்காரர், மூன்று வாரத்துக்கு முன்னால் நிமோனியா வந்து தேறியவர். சோர்வு போகவில்லை என்று டாக்டரிடம் போக, ரத்த எண்ணிக்கையும் ரத்த வகையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊதா மூடி போட்ட டியூபில் ரத்தம் எடுத்து, ஏசி அறையில் அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு மெஷினில் ஓட்டுகிறாள் மாணவி. ஹீமோகுளோபின் 10.8. சிவப்பணு வெறும் 16 லட்சம். பி.சி.வி. 17.9. எம்.சி.எச்.சி. 60.3.

"சார், மெஷின்ல ஏதோ கோளாறு. திரும்ப ஓட்டட்டுமா?"

"ஓட்டினாலும் அதேதான் வரும். டியூபைச் சாய்ச்சுப் பாரும்மா, உள்பக்கம் எப்படி இருக்கு?"

சாய்த்தால், கண்ணாடிச் சுவரில் ரத்தம் வழுவழுப்பாக வழியாமல் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கிறது. சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக்கொத்தாகத் திரண்டுவிட்டன.

சில தொற்றுகளுக்குப் பிறகு, குறிப்பாக மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியாவுக்குப் பிறகு, சிலருடைய உடலில் ஒருவகை எதிர்ப்பொருள் உருவாகிறது. உடல் சூட்டில் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். ரத்தம் குளிர்ந்ததும் சொந்தச் சிவப்பணுக்களையே பிடித்து ஒட்டவைக்கும். லேபில் இதற்கு 'கோல்ட் அக்ளூட்டினின்' என்று பெயர்.

மெஷின் ஏன் ஏமாறுகிறது? அது சிவப்பணுக்களை ஒரு நுண்ணிய துளை வழியாக ஒவ்வொன்றாக அனுப்பி எண்ணுகிறது. நாலைந்து அணுக்கள் ஒட்டிக்கொண்டு போனால் ஒரே பெரிய அணு என்று நினைத்துக்கொள்ளும். கொத்து ரொம்பப் பெரிதாக இருந்தால் அதைச் சிவப்பணுவாகவே கணக்கில் எடுக்காது. எண்ணிக்கை குறைய, அதை வைத்துக் கணக்கிடும் பி.சி.வி.யும் குறைகிறது. ஹீமோகுளோபினுக்கு மட்டும் பாதிப்பில்லை. அதை அளக்கும்போது மெஷின் அணுக்களை உடைத்துவிடுவதால், ஒட்டியிருந்தால் என்ன, தனியாக இருந்தால் என்ன? சரியான எண்ணைத் தவறான எண்ணால் வகுத்ததில்தான் 60.3 வந்தது.

வைத்தியம் எளியது. டியூபை 37 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி நேரம் வைத்து, மெதுவாகக் கலக்கி, சூடு ஆறுவதற்குள் ஓட்ட வேண்டும். இப்போது சிவப்பணு 36 லட்சம், பி.சி.வி. 32.8, எம்.சி.எச்.சி. 32.9. ஹீமோகுளோபின் அதே 10.8. அந்த மனிதருக்கு ரத்தசோகை இருப்பது உண்மைதான்; ஆனால் 16 லட்சம் என்று ரிப்போர்ட் போயிருந்தால் டாக்டர் வேறு ஏதோ பெரிய வியாதியைத் தேடப் போயிருப்பார்.

இதே டியூப் ரத்த வகை மேஜைக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கே அணுக்கள் ஒட்டுவதுதான் விடையே. நோயாளியின் அணுக்களோடு நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி மருந்துகளைத் தனித்தனியே சேர்த்து, எதில் ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். இது முன்னோட்டச் சோதனை. பிறகு நோயாளியின் சீரத்தை, வகை தெரிந்த ஏ அணுக்களோடும் பி அணுக்களோடும் சேர்த்துப் பார்ப்பார்கள். இது எதிர்ச்சோதனை. இரண்டும் ஒத்துப்போனால்தான் வகையை எழுதலாம்.

நம் நோயாளிக்கு முன்னோட்டத்தில் மூன்று மருந்துகளிலும் ஒட்டியது. அப்படியானால் ஏபி பாசிட்டிவ். எதிர்ச்சோதனையில் ஏ அணுக்களும் ஒட்டின, பி அணுக்களும் ஒட்டின. அப்படியானால் ஓ. ஒரே ஆள் ஏபியாகவும் ஓவாகவும் இருக்க முடியாது. ஸ்லைடில் முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் ஏபி என்றே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இந்த முரண்பாட்டுக்குச் சாட்சி சொல்வது ஆட்டோ கன்ட்ரோல். நோயாளியின் அணுவையும் அவருடைய சீரத்தையுமே கலந்து பார்ப்பது. சாதாரணமாக அது ஒட்டக்கூடாது. இங்கே ஒட்டியது. ஆகவே அணுக்களை 37 டிகிரிக்குச் சூடாக்கிய சலைனில் மூன்று முறை கழுவி முன்னோட்டத்தைத் திரும்பச் செய்தார்கள். ஆன்டி-பியிலும் ஆன்டி-டியிலும் மட்டும் ஒட்டியது. சீரத்தையும் அணுக்களையும் தனித்தனியே சூடாக்கிச் சேர்த்தபோது ஏ அணுக்கள் மட்டும் ஒட்டின. அவர் பி பாசிட்டிவ்.

எல்லாச் சாம்பிளும் இப்படிச் சூட்டுக்கு வழிக்கு வராது. எதிர்ப்பொருள் வலுவாக இருந்தால், புது ரத்தத்தைச் சூடான டியூபில் எடுத்து, சூடு குறையாமலேயே லேபுக்குக் கொண்டுவர வேண்டும். சூடாக்கியும் எம்.சி.எச்.சி. இறங்கவில்லை என்றால் காரணம் வேறு. டியூபைச் சுழற்றிப் பார்த்தால் பிளாஸ்மா பால்போல் வெளுத்திருக்கலாம். கொழுப்பு மிகுந்த ரத்தம் கலங்கலாக இருப்பதால், மெஷின் ஹீமோகுளோபினையே கூட்டிக் காட்டிவிடும்.

ரத்த வகையில் முரண்பாடு தீரும்வரை, அவசரம் என்றால் ஓ வகைச் சிவப்பணுக்களைத்தான் கொடுப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் எம்.சி.எச்.சி. 40-க்கு மேல் இருந்தாலோ, இரண்டு இடத்தில் பார்த்த ரத்த வகை ஒத்துப்போகவில்லை என்றாலோ, லேபில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சாம்பிளைச் சூடாக்கித் திரும்பப் பார்த்தீர்களா?"