வராத எண்கள் தரும் லாபம்

டிஜிட்டல் கடிகார எண்ணின் இடதுபக்கக் கீழ்க்கோடு 0, 2, 6, 8 வரும்போது மட்டுமே எரியும். உள்ளீடு A, B, C, D என்னும் நான்கு பிட்கள். கார்னோ வரைபடத்தில் இந்த நான்கு கட்டங்களில் மட்டும் 1 போட்டால் கிடைப்பது:

`B'C'D' + A'CD'`

ஆனால் 10 முதல் 15 வரை உள்ளீடாக வரவே வராது. அந்த ஆறு கட்டங்களில் X போடுகிறோம். X-ஐ 1 ஆகவும் கொள்ளலாம், 0 ஆகவும் கொள்ளலாம். 10-ஐ 1 ஆக்கினால் நான்கு மூலைகளும் ஒரே குழு. மூலைகள் அடுத்தடுத்தவை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 14-ஐயும் சேர்த்தால் கடைசி நெடுவரிசை முழுவதும் இன்னொரு குழு:

`B'D' + CD'`

மற்ற X-களைச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் கோளாறால் 10 வந்துவிட்டால், கோடு எரியும்.