ஒரே பால், இரு புரதம்

பால் குடித்த சிறிது நேரத்தில் கைக்குழந்தை சற்றே கக்குவதைக் காணாத தாய் இல்லை. உள்ளே செல்லும்போது நீராய் இருந்த பால், வெளியே வரும்போது உடைந்த தயிர்போல் திரிதிரியாய் வரும். பால் கெட்டுவிட்டதோ என்று இளந்தாய்மார் சிலர் அஞ்சுவதுண்டு. அஞ்ச வேண்டியதில்லை, வயிற்றில் நிகழவேண்டியதே நிகழ்ந்திருக்கிறது. அந்தத் திரிகளுக்கும், அவற்றோடு வரும் தெளிந்த நீருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம். இன்று பல வீடுகளில் இளைஞர் விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கும் புரத மாவு டப்பாவின் நன்மையும் அளவும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றன.

திரியும் தெளிவும்

சூடான பாலில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டுப் பாருங்கள். வெண்மையான கட்டி ஒருபுறம் திரளும். இளம்பச்சை கலந்த மஞ்சள் நீர் மறுபுறம் பிரியும். கட்டியாய்த் திரள்வதில் பெரும்பங்கு கேசின் என்னும் புரதம். தெளிநீரில் கரைந்தே நிற்பவை 'வே' புரதங்கள். அவற்றை இங்கே தெளிநீர்ப் புரதம் என்றே அழைப்போம். பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின், ஒரு பங்கு தெளிநீர்ப் புரதம். தாய்ப்பாலிலோ தெளிநீர்ப் புரதமே மிகுதி. காய்ச்சிய பாலைத் திரித்தால் தெளிநீர்ப் புரதத்தில் ஒரு பகுதி சூட்டினால் கேசினோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடுக்களைச் சோதனையில் இவ்விரண்டும் முற்றிலும் பிரிவதில்லை. பாலாடைக்கட்டி செய்யும் ஆலைகளில் எஞ்சும் தெளிநீரைப் பக்குவமாக வடித்து உலர்த்தியே அந்த டப்பா மாவைச் செய்கின்றனர்.

எலுமிச்சைச் சாறு செய்யும் வேலையை நம் வயிற்றின் அமிலமும் செய்கிறது. கேசின் அமிலத்தில் பட்டதும் திரண்டு கட்டியாகிறது. வயிற்றின் செரிமான நொதி அந்தக் கட்டியை வெளிப்புறத்திலிருந்து சிறிது சிறிதாக அரித்துக் கரைக்க வேண்டும். வயிற்றிலிருந்து சிறுகுடலுக்குச் செல்லும் வாயிலோ கட்டிகளை எளிதில் விடுவதில்லை. கரைந்ததையும் நுண்ணியதையும் மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். எனவே கேசின் பல மணி நேரம் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகவே குடலை அடைகிறது. தெளிநீர்ப் புரதம் அமிலத்திலும் திரள்வதில்லை; குடித்த நீரைப்போல் விரைந்து வயிற்றைக் கடந்துவிடுகிறது. குடலில் இரண்டும் ஒரே வகையில்தான் அமினோ அமிலங்களாகச் சிதைந்து இரத்தத்தில் கலக்கின்றன. வேறுபாட்டின் பெரும்பகுதி வயிற்றின் வாயிலில் நேரும் தாமதத்திலேயே பிறக்கிறது.

அடையாளமிட்ட பால்

இரத்தத்தில் அமினோ அமிலங்கள் உயர்ந்திருப்பதை அளப்பது கடினமன்று. அவை எங்கிருந்து வந்தவை என்று அறிவதே கடினம். ஏனெனில் நம் உடலும் ஓயாமல் தன் சொந்தப் புரதத்தைச் சிதைத்து அமினோ அமிலங்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கிறது. அதே வேளையில் புதிய புரதத்தைக் கட்டிக்கொண்டும் இருக்கிறது. அப்படியிருக்க, உணவில் வந்தது எது, உடலில் பிறந்தது எது என்று பிரித்தறிவது எப்படி?

பிரான்சு நாட்டின் கிளெர்மோன்-பெராண் நகரில் ஈவ் புவாரி, பெர்னார் போபிரேர் முதலான ஆய்வாளர்கள் இதற்கு அழகியதொரு வழி கண்டனர். லியூசின் என்பது ஓர் அமினோ அமிலம். அதிலுள்ள ஒரு கார்பன் அணுவுக்குப் பதிலாகச் சற்றே எடை மிகுந்த கார்பன் 13 என்னும் அணுவை அமைத்த லியூசினை, கறவைப் பசுக்களுக்கு ஊசிவழி செலுத்தினர். இந்த அணு கதிரியக்கமற்றது, தீங்கு செய்யாதது. பசுக்கள் அந்த லியூசினைக் கொண்டே பாற்புரதத்தை உருவாக்கின. ஆகவே கறந்த பாலின் கேசினிலும் தெளிநீர்ப் புரதத்திலும் இயல்பாகவே அடையாளம் பதிந்திருந்தது. அவ்விரண்டையும் பிரித்தெடுத்து, வெறும் வயிற்றில் இருந்த ஆரோக்கியமான இளைஞர்க்குக் குடிக்கக் கொடுத்தனர். சோதனைக்கு உட்பட்டோர் மொத்தம் 16 பேர். இதன் முடிவு 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

கொடுத்த அளவைக் கவனியுங்கள்: தெளிநீர்ப் புரதம் 30 கிராம், கேசின் 43 கிராம். தெளிநீர்ப் புரதத்தில் லியூசின் செறிவு அதிகம். இரண்டிலும் லியூசின் சம அளவாக இருக்கவேண்டும் என்பதற்காகவே எடையை வேறுபடுத்தினர். பிறகு ஏழு மணி நேரம், இடையிடையே இரத்தமும் வெளிவிடும் மூச்சும் எடுத்து ஆராய்ந்தனர். மூச்சு எதற்கு? உடல் லியூசினை எரித்துவிட்டால் அடையாளக் கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வெளிப்படும். அவர்கள் கையாண்ட மற்றோர் அடையாளம், நாளத்தின் வழியே நேரடியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்திய வேறொரு லியூசின். பாலில் எவ்வளவு நீர் கலந்திருக்கிறது என்று அதன் நீர்ப்பிலிருந்து அறிவதுபோல், இந்த அடையாளம் எவ்வளவு நீர்த்துப்போயிற்று என்பதைக் கொண்டு லியூசின் எவ்வளவு வேகத்தில் இரத்தத்தில் சேர்கிறது என அளந்தனர். அதில் உணவின் பங்கைக் கழித்தால், உடல் தன் புரதத்தைச் சிதைத்து விட்ட பங்கு எஞ்சும்.

வெள்ளமும் நிலையான ஓட்டமும்

தெளிநீர்ப் புரதம் குடித்தவரின் இரத்தத்தில் அமினோ அமிலங்கள் விரைந்து ஏறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உச்சியைத் தொட்டன. பிறகு இறங்கி, ஐந்து மணிக்குள் பழைய நிலையை அடைந்தன. கேசின் குடித்தவரிடம் அந்த உச்சி இல்லை. மிதமான உயர்வு மட்டுமே தோன்றி, நெடுநேரம் நிலைத்து, ஏழு மணி முடிவிலும் முற்றிலும் தணியாமல் இருந்தது.

இதனால் விளைந்தது என்ன? உடல் புதிய புரதத்தைக் கட்டும் வேலை, தெளிநீர்ப் புரதத்துக்குப் பின் 68 விழுக்காடு கூடியது. கேசினுக்குப் பின் 31 விழுக்காடே கூடியது. இதோடு நிறுத்தினால் வேகமானதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவோம். விளம்பரங்கள் பலவும் இங்கேதான் நிறுத்துகின்றன. கதையின் மறுபாதி இது: கேசின் உண்டபோது, உடல் தன் சொந்தப் புரதத்தைச் சிதைப்பது 34 விழுக்காடு குறைந்தது. தெளிநீர்ப் புரதம் அந்தச் சிதைவைத் தடுக்கவில்லை. மேலும், வெள்ளமாக வந்த லியூசினில் மிகுதியான பங்கு எரிந்து மூச்சில் போயிற்று. தச்சனிடம் ஒரே நாளில் வண்டி வண்டியாய் மரம் வந்திறங்கினால், அவன் கை ஓடும் மட்டும் வேலை செய்வான். மிஞ்சியது அடுப்புக்கு விறகாகும். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தபோது, ஏழு மணி முடிவில் இளைஞரின் உடலில் மிகுதியாகத் தங்கியது மெதுவாகச் செரித்த கேசினே.

இதற்குக் காரணம் வேகமா, அல்லது இரு புரதங்களின் உட்பொருளில் உள்ள வேறுபாடா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே குழுவினர் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வில் இதற்கு விடை கண்டனர். தெளிநீர்ப் புரதத்தை ஒரே மூச்சில் கொடாமல், 20 நிமிடத்துக்கு ஒரு முறையாக 13 சிறு பங்குகளாகக் கொடுத்தனர். மற்றொரு புறம், கேசினில் உள்ள அமினோ அமிலங்களை ஏற்கெனவே பிரிந்த நிலையில், செரிக்க வேண்டிய தேவையின்றிக் கொடுத்தனர். சிறு பங்குகளாகச் சென்ற தெளிநீர்ப் புரதம் மெதுவான புரதம்போல் உடலில் தங்கியது. பிரிந்த நிலையில் சென்ற கேசினின் அமிலங்கள் வேகமான புரதம்போல் எரிந்துபோயின. ஆகவே இங்கே தீர்மானித்தது பெயரன்று, வேகமே.

முதியோரிடம் வேறு கணக்கு

இளைஞரின் கணக்கு முதியோர்க்குப் பொருந்துமா? 2003-ஆம் ஆண்டு அதே நகரத்தார் வெளியிட்ட ஆய்வில், எழுபது வயதை ஒட்டிய ஆண்களிடம் முடிவு தலைகீழாயிற்று: அவர்கள் உடலில் மிகுதியாகத் தங்கியது வேகமான தெளிநீர்ப் புரதம். நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முதிய ஆண்களுக்கு இருவகைப் புரதத்தையும் 20 கிராம் வீதம் கொடுத்துத் தசையையே சோதித்தபோதும், தெளிநீர்ப் புரதம் உண்டவரின் தசையே கூடுதலாகப் புதுப் புரதம் கட்டிற்று.

காரணம் இதுவெனக் கருதுகின்றனர். லியூசின் வெறும் கட்டுமானப் பொருள் மட்டுமன்று. கட்டத் தொடங்கு என்று தசைக்குச் சொல்லும் அழைப்பு மணியுமாகும். இளந்தசை மெல்லிய ஒலிக்கும் செவிசாய்க்கும். வயது ஏற ஏறத் தசையின் செவி மந்தமாகிறது. உரத்த ஒலி வேண்டியிருக்கிறது. கேசினின் மிதமான ஓட்டம் அந்த ஒலியை எட்டுவதில்லை. தெளிநீர்ப் புரதத்தின் வெள்ளம் எட்டுகிறது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது

இச்சோதனைகள் வெறும் வயிற்றில், தனிப் புரதத்தைக் கொடுத்துச் செய்தவை. சோறும் எண்ணெயும் காய்கறியும் கலந்த உணவோடு தெளிநீர்ப் புரதம் சென்றால், வயிறு மெதுவாகவே காலியாகும். வெள்ளத்தின் உச்சி தாழும். பிரெஞ்சுச் சோதனைகள் அளந்தது முழு உடலின் வரவு செலவை. அதில் குடலும் ஈரலும் அடங்கும். கையின் சதை மட்டும் வளர்ந்ததாக அதற்குப் பொருளில்லை. மேலும் அவை சில மணி நேரத்தின் கணக்கு. சில மாதங்களின் கணக்கன்று.

அளவையும் மறவாதிருப்போம். 200 மில்லி பால் கொண்ட ஒரு தம்ளரில் புரதம் ஆறு, ஏழு கிராமே. அதில் தெளிநீர்ப் புரதம் ஒன்றேகால் கிராம் அளவு. பிரான்சில் கொடுத்த 30 கிராமை எட்ட நான்கு லிட்டருக்கு மேல் பால் வேண்டும்! ஆகவே பால் குடித்தவுடன் இரத்தத்தில் வெள்ளம் புரளும் என்று எண்ணற்க. பால் பெரும்பாலும் மெதுவான உணவே.

இப்போது ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப்பாருங்கள். இருபது வயதுப் பேரன் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்து மாவைக் கலக்கிக் குடிக்கிறான். எழுபத்தைந்து வயதுப் பாட்டி இரவில் ஒரு தோசையோடு உணவை முடித்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பற்றாமல் எழ இயலாதிருக்கிறார். பேரன் மூன்று வேளையும் பருப்பும் முட்டையும் மீனும் வயிறார உண்பவனாயின், அவனுக்கு அந்த வேகம் பெரிதாக எதையும் சேர்த்துத் தந்துவிடாது. அந்த உரத்த அழைப்பு யாருக்குத் தேவை என்று ஆய்வுகளைக் கேட்டால், அவை கைகாட்டுவது பாட்டியின் பக்கம். அதற்காக டப்பாவை உடனே அவர் கையில் கொடுத்துவிட வேண்டாம்; முதியோர் பலர்க்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும், அவர்க்குப் புரதம் மிகுவது தீங்காகலாம். மருத்துவரை முதலில் கேளுங்கள். ஆனால் அந்த இரவு உணவில் ஒரு முட்டையேனும் ஒரு கிண்ணம் பருப்பேனும் இருக்கிறதா என்று பார்க்க, யாரையும் கேட்கக் காத்திருக்க வேண்டியதில்லை.